பிள்ளைக்கு வந்த ஐயாவும் ஒய் குரோமோசோமும்

எனக்குப் பெரியப்பா முறையாகும் பெரியப்பச்சியின் எச்சிலில் டிஎன்ஏ போதவில்லை என்று பரிசோதனைக் கூடத்திலிருந்து மின்னஞ்சல் வந்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. அவருக்கு 81 வயது. குழாயில் கோடு போட்டிருக்கும் அளவுக்கு, அதாவது 2 மில்லி, எச்சில் சேர்க்கவே முக்கால் மணி நேரம் ஆனது. அரை மணி நேரம் முன்னாலிருந்தே எதுவும் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அவர் அதைச் சோற்றுக்கும் காப்பிக்கும் மட்டும் எடுத்துக்கொண்டார். வெற்றிலை அவர் கணக்கில் சாப்பாட்டில் சேர்த்தி இல்லை. குழாயைக் கையில் வாங்கியபோது உள்ளே செக்கச்செவேல் என்று இருந்தது. அப்படியே மூடி அனுப்பினது என் தப்பு.

இரண்டாம் முறை பஞ்சுக் குச்சி. கன்னத்தின் உட்புறம் ஒரு நிமிஷம் தேய்த்து எடுப்பது. காலையில் அவர் பல் தேய்த்தவுடன், வெற்றிலைப் பெட்டி திறக்கும் முன்னால் பிடித்துவிட்டேன். கண்டனூர் வீட்டு வளவில், தூணில் சாய்ந்து உட்கார்ந்து, வாயைத் திறந்துகொண்டே, "இதுல எந்த ஊரு, எந்தக் கோயிலுன்னு எழுதியிருக்குமாத்தா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் பிறந்தது வைரவன்கோயில். வாக்கப்பட்டது இளையாத்தங்குடி. நகரத்தார் அல்லாதவர்களுக்காக ஒரு வரி: எங்களுக்கு ஒன்பது நகரக்கோயில்கள். அப்பச்சி, அதாவது தகப்பனார், எந்தக் கோயிலோ பிள்ளைகளும் அந்தக் கோயில். ஒரே கோயிலுக்குள் பெண் கொடுப்பதும் எடுப்பதும் பொதுவாகக் கிடையாது, எல்லாரும் பங்காளி. (இளையாத்தங்குடிக்குள் உட்பிரிவு பார்த்துச் செய்வார்கள்.) கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் கோயிலில் ஒரு புள்ளி. பெண் கல்யாணத்தோடு புருஷன் கோயிலுக்குப் போய்விடுகிறாள். ஆக, கோயில் கணக்கு என்பது தகப்பன் வழிக் கணக்கு, வேறொன்றும் இல்லை.

ஒய் குரோமோசோம் போகும் வழியும் அதுவேதான். அப்பச்சியிடமிருந்து மகனுக்கு, மகனிடமிருந்து பேரனுக்கு, நுனிகளில் கொஞ்சம் தவிர மற்றெதுவும் கலக்காமல் நகலாகிக்கொண்டே போகும். எனக்கு அது கிடையாது. அதனால் என் தகப்பன் வழியைப் பார்க்க என் தம்பியின் கன்னம் தேவைப்பட்டது. என்னிடம் இருப்பது மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ: 16,569 எழுத்து கொண்ட ஒரு சின்ன வளையம், ஆத்தாவிடமிருந்து மட்டுமே வருவது. தம்பிக்கும் அதே வளையம் உண்டு, ஆனால் அவனோடு நின்றுவிடும். அவன் பிள்ளைகளுக்கு அவன் பெண்டாட்டியின் வளையம்.

என் வளையம் எந்தக் கோயில் என்று கேட்டால் பதிலே இல்லை. நான் வைரவன்கோயிலில் பிறந்தேன். ஆத்தா பிறந்தது இலுப்பைக்குடி. ஆயா பிறந்தது மாத்தூர். ஆயாவின் ஆத்தா நேமம் என்று இசைகுடிமானம் என்கிற பழைய கல்யாணப் பத்திரம் ஒன்றில் இருக்கிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் அது கோயில் மாறியிருக்கிறது. தகப்பன் வழி ஒரே தெருவில் குடியிருக்க, தாய் வழி ஊர் ஊராக நடந்திருக்கிறது.

எங்கள் வீட்டில் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம், எங்கள் சமூகத்தின் பூர்வீகக் கதையே ஒரு ஒய், மைட்டோகாண்ட்ரியா கதை என்பதுதான். சின்ன வயதில் கேட்ட கதை இது. காவிரிப்பூம்பட்டினத்தில் வணிகர்களாக இருந்தோம். சோழ அரசனோடு மனஸ்தாபம்; ஒரு பெண்ணைப் பற்றியது. குடும்பம் குடும்பமாக உயிரை மாய்த்துக்கொண்டார்கள். ஆத்மநாத சாஸ்திரியார் மடத்தில் ஒப்படைக்கப்பட்டிருந்த 1502 ஆண் பிள்ளைகள் மட்டும் மிச்சம். அவர்கள் வளர்ந்ததும் பெண் கொடுக்கச் சொந்த இனத்தில் யாரும் இல்லை. வெள்ளாளர் வீட்டுப் பெண்களைக் கட்டினார்கள். பிறகு பாண்டிய நாட்டுக்கு வந்தார்கள், இளையாத்தங்குடி கிடைத்தது. மரபுக் கணக்கில் அது கி.பி. 707. ஆண்களுக்குப் பாதரக்குடி மடம், பெண்களுக்குத் துலாவூர் மடம் என்று குருபீடம் தனித்தனியாக இருப்பதை இந்தக் கதைக்குச் சாட்சியாகச் சொல்வார்கள்.

கதை நடந்ததா இல்லையா என்பது வேறு. ஆனால் நடந்திருந்தால் என்ன தெரிய வேண்டும் என்பதை அது தானே சொல்லிவிடுகிறது. எங்கள் ஆண்களின் ஒய் பூம்புகார் வணிகருடையது. எங்கள் அனைவரின் மைட்டோகாண்ட்ரியாவும் வெள்ளாளப் பெண்களுடையது. இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் கொடுக்கும் பூர்வீகக் கதை அபூர்வம். "எச்சில் துப்பினால் போச்சு, தெரிந்துவிடும்" என்று நானும் நம்பினேன். கதை எங்கே பிடி கொடுக்கவில்லை என்பது, முடிவுகள் வந்து உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் புரிந்தது.

முதலில் தாய் வழி. என் முடிவு M2. இந்தியாவின் மிகப் பழைய தாய்வழிக் கிளைகளில் ஒன்று. தெற்கில் பழங்குடிகள் உட்படப் பல சமூகங்களில் இருக்கிறது. சரி, இது வெள்ளாள ஆத்தாவா? சொல்ல முடியாது. இங்கே சிக்கல் காலக்கணக்கில் இருக்கிறது. அந்த 16,569 எழுத்துகளையும் முழுசாக வாசித்தாலும், சராசரியாக ஏறக்குறைய 3,600 ஆண்டுக்கு ஒரு எழுத்துதான் மாறுகிறது. கதையின் கி.பி. 707இலிருந்து இன்று வரை 1,300 ஆண்டு. அந்தக் காலத்துக்குள் ஒரு தாய் வழியில் ஒரு மாற்றம்கூட நடக்காமல் இருக்கப் பத்தில் ஏழு பங்கு வாய்ப்பு உண்டு. அதாவது 707இல் இருந்த ஆத்தாவின் வளையத்தை எழுத்துப் பிசகாமல் இன்று நான் வைத்திருக்கலாம். அவளுக்கு 2,000 ஆண்டு முந்தைய ஆத்தாவின் வளையமும் ஏறக்குறைய அதுவாகவே இருந்திருக்கும். அவள் வழிப் பெண்கள் அதற்குள் வெள்ளாளர், வணிகர், வேளார், மறவர் என்று எத்தனை வீடுகளுக்குள் போயிருப்பார்கள்?

எனக்கும் ஒரு வெள்ளாளப் பெண்ணுக்கும் வளையம் அப்படியே ஒத்துப்போனால்கூட, எங்கள் பொது ஆத்தா கதை சொல்லும் காலத்தில் இருந்தாளா, அதற்கு ஆயிரம் இரண்டாயிரம் ஆண்டு முன்னால் இருந்தாளா என்று அந்த ஒற்றுமை சொல்லாது. நிமிஷ முள்ளே இல்லாத கடிகாரத்தில் ரயிலுக்கு நேரம் பார்ப்பது போல.

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று கதைக்குள்ளேயே இருக்கிறது. எங்கள் மைட்டோகாண்ட்ரியா வெள்ளாளருடையது என்று காட்ட வேண்டுமானால், அதற்கு முன்பிருந்த எங்கள் பெண்களுடையது வேறாக இருந்தது என்று தெரிய வேண்டும். அந்தப் பெண்கள்தான் ஒருவரும் மிஞ்சவில்லையே! கதை தன் சாட்சியைத் தானே அழித்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறது. பூம்புகார் வணிகரும் பக்கத்து ஊர் வெள்ளாளரும் அதே காவிரிக் கரையில் பல தலைமுறை இருந்தவர்கள் என்றால், இரு பக்கமும் அதே M, U, R கிளைகளின் கலவைதான் இருந்திருக்கும். ஐஸ்லாந்தில் இந்த மாதிரிக் கேள்விக்கு விடை கிடைத்தது: ஆண்களில் பெரும்பாலோர் ஸ்காண்டிநேவியர், பெண்களில் பாதிக்கு மேல் பிரிட்டிஷ் தீவுகளிலிருந்து வந்தவர்கள். அங்கே இரண்டு மூலங்களும் கடல் தாண்டிய வெவ்வேறு இடங்கள். ஒப்பிட இன்றும் ஆட்கள் இருக்கிறார்கள். நமக்கு அந்தக் கடல் இல்லை.

ஒய் பக்கம் நிலைமை கொஞ்சம் மேல். ஒய் ரொம்பப் பெரியது. அதில் வாசிக்க முடிந்த பகுதியை முழுதாக வரிசைப்படுத்தினால் ஏறக்குறைய 80, 90 ஆண்டுக்கு ஒரு எழுத்து மாறியிருப்பது தெரியும். 1,300 ஆண்டுக்குள் பதினைந்து மாற்றம். நிமிஷ முள் உள்ள கடிகாரம். ஆனால் நாம் சாதாரணமாக வாங்குவது அந்தப் பரிசோதனை அல்ல. விலை குறைந்த பரிசோதனையில், ஏற்கெனவே தெரிந்த சில ஆயிரம் இடங்களை மட்டும் ஒரு சில்லு சரிபார்த்து, பெரிய மரத்தின் எந்தக் கிளையில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று சொல்லும். அந்தக் கிளை பல ஆயிரம் ஆண்டுப் பழசு.

தம்பிக்கு வந்தது L-M27. தென்னிந்தியாவில் நிறைய இருக்கும் கிளை. கூடவே ஒரு படம். ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பி வடமேற்கு வழியாக இங்கே வரும் கொழுத்த அம்புக்குறி. குடும்ப வாட்ஸாப் குழுவில் அதைப் போட்ட பத்து நிமிஷத்துக்குள் நாங்கள் சிந்துச் சமவெளி வணிகர்கள் ஆகிவிட்டோம். இன்னொரு அம்மான், அந்த முத்திரைகளில் இருப்பதே நம்ம வட்டிக் கணக்குத்தான் என்றார். சிரிப்புக் குறி போட்டாரா என்று ஞாபகமில்லை.

அந்த அம்புக்குறியைப் பற்றி ஒரு வார்த்தை. இன்று யாரெல்லாம் எச்சில் கொடுத்திருக்கிறார்களோ அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதையும், கிளைகள் எந்த வரிசையில் பிரிந்தன என்பதையும் வைத்து வரைந்தது அது. உங்கள் முப்பாட்டனார் நடந்த பாதை இல்லை. இந்தக் குழப்பம் நமக்குப் புதிதும் இல்லை. உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் ஓர் இளைஞரிடம் M130 என்ற அடையாளத்தை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பிச்சப்பனும் மரபணு ஆய்வாளர் ஸ்பென்ஸர் வெல்ஸும் கண்டது உண்மை. ஆப்பிரிக்காவிலிருந்து கரையோரமாக வந்த பழைய வழி ஒன்றின் தடயம் அது. ஆனால் "முதல் இந்தியர்" என்று தலைப்பு போட்டபோது விஷயம் கெட்டது. அதே M130இன் கிளைகள் மங்கோலியரிடமும் ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடமும் இருக்கின்றன. அந்த இளைஞரின் மற்ற ஆயிரக்கணக்கான மூதாதைகளைப் பற்றி அந்த அடையாளம் வாயே திறக்காது. அப்பச்சியின் அப்பச்சியின் அப்பச்சி என்ற ஒற்றைக் கோட்டைப் பற்றி மட்டும்தான் பேசும். பத்துத் தலைமுறை மேலே போனால் மூதாதை இடங்கள் 1,024. அதில் ஒன்றைப் பற்றி ஒய் பேசுகிறது, இன்னொன்றைப் பற்றி மைட்டோகாண்ட்ரியா பேசுகிறது. 1,022 பேர் மௌனம்.

(நம் ஊரில் அயித்தை மகள், அம்மான் மகள் கட்டியே வந்ததால் 1,024 இடத்திலும் வேறு வேறு ஆள் இருக்க மாட்டார்கள், அது வேறு கதை. ஆனால் அந்தப் பழக்கம் எனக்கு ஒரு உபகாரம் செய்தது. என் அப்பத்தாவின் வளையம் என்னவென்று பார்க்க ஆசை. அப்பத்தா இல்லை. அப்பச்சியிடம் அது இருந்தது; அவரும் இல்லை, இருந்தாலும் எங்களுக்குக் கொடுத்திருக்க முடியாது. அயித்தையிடம் இருந்தது, அயித்தையும் போய்விட்டார்கள். ஆனால் தம்பி கட்டியது அந்த அயித்தை மகளைத்தான். ஆகவே அப்பத்தாவின் வளையம் தம்பி மகளிடம், அதே வீட்டு முகப்பில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருக்கிறது. அவளுக்கு பதினெட்டு ஆகட்டும், அவளே முடிவு செய்யட்டும் என்று விட்டிருக்கிறேன்.)

இனி எங்கள் வீட்டு விஷயம். என் ஐயா, அப்பச்சியின் அப்பச்சி, கண்டனூர் வீட்டில் பிறந்தவர் அல்ல. கோனாபட்டிலிருந்து பதினோரு வயதில் பிள்ளை கூட்டி வந்தவர். இதில் ரகசியம் ஒன்றுமில்லை. ஆண் வாரிசு இல்லாத வீட்டில் பிள்ளை கூட்டுவது எங்களில் சாதாரணம். அதே கோயில் பிள்ளையைத்தான் கூட்டுவார்கள். பேருக்கு முன்னால் போடும் வீட்டு விலாசம் மாறும், கோயில் மாறாது. அன்றிலிருந்து அவர் இந்த வீட்டு விலாசம் போட்டார், இந்த வீட்டு முன்னோருக்குப் படைப்பு செய்தார், இந்த வீட்டுப் பங்கைக் கட்டி ஆண்டார்.

ஆனால் பிள்ளை கூட்டும்போது கொடுக்கும் மஞ்சள் நீரும் ஒய்க்குத் தெரியாது, எழுதும் பத்திரமும் தெரியாது. தம்பியிடம் இருப்பது கோனாபட்டு ஒய்யாகத்தான் இருக்க வேண்டும். அதைச் சரிபார்க்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள். ஒன்று, தம்பி. இரண்டு, கோனாபட்டுப் பிறந்த வீட்டில் ஐயாவின் அண்ணன் பேரன், பெங்களூரில் இருக்கிறார். மூன்று, கண்டனூர் வீட்டுப் பங்காளி, அதாவது வெற்றிலைப் பெரியப்பச்சி.

தம்பியும் பெங்களூர்க்காரரும் L-M27. கிளை ஒத்துப்போவது மட்டும் போதாது; தெற்கில் L-M27 தெருவுக்குத் தெரு கிடைக்கும். அதனால் இன்னும் நெருக்கமாகப் பார்க்கும் பரிசோதனை ஒன்று செய்தோம். ஒய்யில் சில இடங்களில் ஒரு சின்னச் சொல் திரும்பத் திரும்ப வரும். ஒருவருக்குப் பதின்மூன்று முறை, இன்னொருவருக்குப் பதினான்கு முறை. அப்படி 37 இடங்களில் எண்ணிப் பார்த்தால் இருவருக்கும் 36 இடத்தில் ஒரே எண்ணிக்கை. ஒன்றில் மட்டும் ஒன்று கூடுதல். தம்பிக்கும் அவருக்கும் பொதுவான ஆள் கோனாபட்டுக் கொள்ளுஐயா. அவரிடமிருந்து இந்தப் பக்கம் மூன்று பிறப்பு, அந்தப் பக்கம் மூன்று பிறப்பு. 37 இடம், ஆறு முறை நகல். மொத்தம் 222 நகல். சராசரியாகச் சில நூறு நகலுக்கு ஒரு முறை எண்ணிக்கை பிசகும். ஆக ஒரு பிசகு என்பது கணக்குக்குச் சரியாக உட்காருகிறது. பத்துப் பன்னிரண்டு இடத்தில் வித்தியாசம் வந்திருந்தால் காகிதத்தில் உள்ள உறவு எங்கோ அறுந்திருக்கிறது என்று அர்த்தம்.

அப்படி அறுந்திருக்குமோ என்ற பயம் இருக்கத்தான் செய்தது. எச்சில் குழாய் வாங்கும் யாரும் இதை முன்னாலேயே யோசித்துவிடுவது நல்லது. பெல்ஜியத்தில் மரபணு ஆய்வாளர் லார்முசோவின் குழுவினர் பழைய ஞானஸ்நானப் பதிவுகளையும் ஒய்யையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், ஏட்டில் உள்ள தகப்பன் உண்மைத் தகப்பனாக இல்லாதது தலைமுறைக்கு ஏறக்குறைய 1 சதவீதம். கேட்கக் குறைவு. ஆனால் 1,300 ஆண்டுக்கு நாற்பதுக்கு மேல் தலைமுறை. நூற்றில் ஒன்று என்று வைத்தாலே மூன்றில் ஒரு வழி எங்கேயாவது அறுந்திருக்கும். இதில் நம்முடைய பிள்ளை கூட்டல் சேரவே இல்லை.

மூன்றாவது ஆள், பெரியப்பச்சி. அவருக்கு வந்தது R-M124. L-உம் R-உம் பிரிந்து 40,000 ஆண்டுக்கு மேல் ஆகிறது. பங்காளி என்று ஒரே பந்தியில் உட்கார்ந்து பொங்கல் வைத்தவர்களின் பொது முப்பாட்டன் பனியுக காலத்து ஆள்.

இதைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது: ஐயா வெளியிலிருந்து வந்தவர், அதனால் எங்களுடையது கோனாபட்டு ஒய், பெரியப்பச்சியுடையதுதான் அசல் கண்டனூர் வீட்டு ஒய். அழகாகப் பொருந்தியது. காரைக்குடியில் ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது அவரிடம் இப்படியே சொன்னேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகக் கவுனரிசியை வழித்து முடித்துவிட்டு, "எங்க ஐயாவும் பிள்ளைக்கு வந்தவுகதானே, ஒனக்குத் தெரியாதா?" என்றார்.

தெரியாது. யாரும் சொன்னதில்லை. மறைத்ததாகவும் இல்லை; சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அவருடைய ஐயா தேவகோட்டையிலிருந்து வந்தவராம், அவரும் வைரவன்கோயில். ஆக R-M124 கண்டனூர் வீட்டுடையது அல்ல, தேவகோட்டை வீட்டுடையது. எங்கள் L-M27 கோனாபட்டுடையது. விலாசம் ஓடிக்கொண்டிருக்கிறது, படைப்பு நடக்கிறது, வளவில் கண்டனூர்க் கொள்ளுஐயாவின் படம் மாலையோடு தொங்குகிறது. அவருடைய ஒய் இந்த இரண்டு கிளையிலும் ஒரு துளி இல்லை.

என் முதல் கணக்கு எங்கே தப்பியது என்று பாருங்கள். இரண்டு பேர் ஒத்துப்போகவில்லை என்றால் யார் பக்கம் மாறியது என்று அந்த இரண்டு பேரை வைத்துச் சொல்லவே முடியாது. மூன்றாவது கிளை வேண்டும். கோனாபட்டு வழியில் அந்த மூன்றாவது ஆள் இருந்தார், அதனால் அது உறுதி. பெரியப்பச்சி வழியில் ஒருவரும் இல்லை. நான்தான் அவரை ஆதாரமாக எடுத்துக்கொண்டேன். பரிசோதனை பிழையில்லை, படித்தவள் பிழை.

இதிலிருந்து கோயிலைப் பற்றி ஒன்று தெரிகிறது. கோனாபட்டு வீடும் தேவகோட்டை வீடும் இரண்டும் வைரவன்கோயில். ஆகவே, இடையில் எங்கும் வழி அறுந்திருக்காவிட்டால், ஒரே கோயிலுக்குள் குறைந்தது இரண்டு தகப்பன் வழிகள் இருக்கின்றன. கோயில் பங்காளி என்றால் ஒரே ஆளின் வாரிசு என்று நாம் சொல்வது அப்படியே ஆகாது. 1502 பிள்ளைகள் ஒன்பது கோயிலாகப் பிரிந்தார்கள் என்ற கதைக்கு இது ஒத்துத்தான் போகிறது. ஒரு கோயிலுக்குள் பல பிள்ளைகள் போயிருப்பார்கள். ஆனால் வேறு எத்தனையோ கதைக்கும் இது ஒத்துப்போகும். வழியில் வந்து சேர்ந்த வணிகர்கள், பிற்காலச் சேர்க்கை, பழைய பிள்ளை கூட்டல்கள், எதற்கும்.

1502 என்ற எண்ணையும் ஒய் காட்டிக்கொடுக்காது. 1502 ஆண்கள் என்பது தகப்பன் வழிக்குக் குறுகிய வாசலே இல்லை. அவர்கள் அப்பச்சிமாரிடம் இருந்த எல்லாக் கிளைகளும் தாராளமாக உள்ளே வந்திருக்கும். மூன்று பேர், நாலு பேர் தப்பினார்கள் என்றால்தான் ஒய்யில் தடம் விழும். அதற்குப் பிறகு நடப்பதும் தடத்தை அழிக்கும். மகன் பிறக்காத ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஒய் நின்றுவிடும். மக்கள் தொகை கூடாமல் குறையாமல் இருக்கும் ஒரு கூட்டத்தில் நாற்பது சொச்சம் தலைமுறை தாண்டினால், ஆரம்பித்த நூறு தகப்பன் வழியில் நாலோ ஐந்தோதான் மிஞ்சும். 1502இல் எழுபது, எண்பதுக்குள். கூட்டம் பெருகியிருந்தால் இன்னும் அதிகம் மிஞ்சும், ஆனாலும் பெரும்பாலானவை போயிருக்கும். அந்த வீடுகள் அழியவில்லை என்பதுதான் வேடிக்கை. பிள்ளை கூட்டிக்கொண்டு வாழ்கின்றன, எங்கள் வீட்டைப் போல.

ஒய்யால் பதில் சொல்லக்கூடிய ஒரு செட்டிநாட்டுக் கேள்வி உண்டு என்று நினைக்கிறேன். இரணியூரும் பிள்ளையார்பட்டியும் தனித்தனிக் கோயில். ஆனால் இரண்டும் சகோதரர் என்று சொல்லி ஒருவருக்கொருவர் பெண் கொடுப்பதில்லை. இங்கே இரண்டு மூலமும் இன்றும் உயிரோடு இருக்கிறது, கேள்வி ஒய்யின் காலக்கணக்குக்குள் இருக்கிறது. இரு பக்கமும் இருபது முப்பது பேர், பிள்ளை கூட்டல் விவரத்தை ஒளிக்காமல் சொல்பவர்கள், முழு ஒய் வரிசை. ஒரு கோயிலின் வழிகள் மற்றக் கோயிலின் வழிகளோடு ஆயிரம் சொச்சம் ஆண்டுக்குள் சேர்கின்றன, மற்ற ஏழு கோயிலோடு அப்படிச் சேரவில்லை என்றால் சகோதரர் பேச்சில் விஷயம் இருக்கிறது. செலவு அதிகம், சம்மதம் அதைவிடக் கஷ்டம். யார் வீட்டில் எது அறுந்திருக்கிறது என்று தெரிந்துவிடுமே!

போன மாதம் பெரியப்பச்சி தொலைபேசியில் கூப்பிட்டார். உடம்பு, மழை, கண்டனூர் வீட்டு ஓடு எல்லாம் பேசிவிட்டு, "அப்ப இந்த வீட்டு அசல் ஒய் எங்கதான் போச்சு?" என்றார். நின்றுபோயிருக்கும் பெரியப்பச்சி என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. வெற்றிலையைக் கடைவாய்க்கு ஒதுக்கும் சத்தம் கேட்டது.

"அப்படிச் சொல்லீராத. கொள்ளுஐயாவுக்கு ஒரு தம்பி இருந்தாக. கொண்டுவிக்கப் போயி பினாங்குலயே தங்கிட்டாக. அவுக வழியில ஆளு இருக்காக, மூணு வருஷத்துக்கு முன்னால படைப்புக்கு வந்தாக. நம்பர் தர்றேன், எழுதிக்க. முதல்லயே சொல்லிரு, வெத்தலை போட்டுட்டுத் துப்பக் கூடாதுன்னு."